ஒரு தையல் மிஷினில் ஆல்டரேஷன், பிளவுஸ், யூனிஃபார்ம்: எதில் எவ்வளவு கையில் நிற்கும்?

"அக்கா, ஆறு மாத தையல் வகுப்பு முடித்துவிட்டேன். வீட்டில் மோட்டார் போட்ட மிஷின் ஒன்று இருக்கிறது. ஆல்டரேஷன் பண்ணு, பிளவுஸ் தை, ஸ்கூல் யூனிஃபார்ம் எடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கினால் காசு நிற்கும்? ஒரு ஸ்கூலில் யூனிஃபார்ம் தருகிறேன் என்கிறார்கள், எடுக்கலாமா?"

மூன்றுமே வேண்டும், ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டாம். முதல் இரண்டு மூன்று மாதம் ஆல்டரேஷன். கூடவே தெரிந்தவர்களின் சாதா பிளவுஸ். யூனிஃபார்மை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறேன். கீழே வரும் கூலியெல்லாம் எங்கள் ஊரில் நான் வாங்குவது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் விதம் மாறாது.

தையலில் எல்லோரும் "பீஸுக்கு எவ்வளவு" என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். பேண்ட் அடி மடித்துத் தர 50 ரூபாய் வாங்குகிறேன். பழைய தையலைப் பிரித்து, வெட்டி, மடித்து அடிக்க இருபது நிமிடம். நூல் செலவு ஒரு ரூபாய் வராது. ஆக மணிக்கு 150 ரூபாய். லைனிங் பிளவுஸுக்கு 300 வாங்குகிறேன். லைனிங் துணி 55, கொக்கி, நூல், பைப்பிங் எல்லாம் சேர்த்து 15, ஹெம்மிங்கும் கொக்கியும் கட்டித் தரும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 30. மிச்சம் 200. வெட்டித் தைத்து இஸ்திரி போட எனக்கு இரண்டு மணி நேரம். ஆக மணிக்கு 100. வகுப்பு முடித்து வந்த புதிதில் அதே பிளவுஸுக்கு நாலு மணி நேரம் ஆகும், அப்போது மணிக்கு 50தான். அளவு தப்பிப் பிரித்துத் தைத்தால் அதுவும் இல்லை.

300 ரூபாய் பிளவுஸைவிட 50 ரூபாய் பேண்டில் மணிக்கு அதிகம் வருகிறது. ஆனால் பேண்ட் நாள் முழுக்க வராது. ஒரு நாளைக்கு நாலைந்து உருப்படி வந்தாலே நல்ல நாள். அதனால் ஆல்டரேஷனை மட்டும் நம்ப முடியாது, விடவும் கூடாது.

ஆல்டரேஷனில் இன்னொரு லாபம் உண்டு. ரெடிமேட் சட்டையைப் பிரிக்கும்போதுதான் காலர் எப்படி உட்காருகிறது, ஜிப் பட்டி எந்த வரிசையில் அடித்திருக்கிறது என்று தெரியும். வகுப்பில் சொல்லித் தராதது பாதி அதில் கிடைக்கும். அப்புறம், பேண்ட் மடிக்க வந்தவரின் வீட்டில் இருந்துதான் முதல் பிளவுஸ் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கவனிக்க வேண்டியது சில உண்டு. காட்டன் பேண்ட், ஜீன்ஸ் புதிதாக வந்தால் ஒரு தடவை துவைத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். துவைக்காமல் மடித்தால் முதல் சலவையில் ஏறிவிடும், பழி உங்கள் மேல். அளவு எடுக்கும்போது அவர் போடும் செருப்போடு நிற்க வைத்து, இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். பலருக்கு ஒரு பக்க இடுப்பு லேசாக இறங்கியிருக்கும்.

சுடிதார் டாப் "சைடு பிடிக்க" வந்தால் இடுப்பில் மட்டும் பிடித்துக் கொடுக்காதீர்கள். கை முடியும் இடத்தில் இருந்து சீராக இறக்கி, சைடு ஓப்பன் தொடங்கும் இடத்தில் பழைய தையலோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அக்குளில் துணி பை மாதிரி நிற்கும். "லூஸ் பண்ணணும்" என்று வந்தால் முதலில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரெடிமேடில் பெரும்பாலும் ஓவர்லாக் அடித்துக் கால் இஞ்சுதான் விட்டிருப்பார்கள். அதில் லூஸ் பண்ண எதுவும் இல்லை. முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். லெக்கிங்ஸ், டி-சர்ட் மாதிரி இழுபடும் துணியில் தையல் விட்டு விட்டு விழுந்தால் மிஷினைத் திட்ட வேண்டாம், ஊசி தப்பு. முனை உருண்டையாக இருக்கும் பால் பாயிண்ட் ஊசி கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இனி பிளவுஸ். பேரும் இதில்தான், தகராறும் இதில்தான். தகராறு பெரும்பாலும் தையலில் வருவதில்லை, அளவு ஜாக்கெட்டில் வருகிறது.

"இதே அளவு, கொஞ்சம் லூஸா" என்று ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டால் மாட்டினீர்கள். அவர் நிற்கும்போதே அதை விரித்துப் பாருங்கள். சைடில் இரண்டு மூன்று தையல் கோடு தெரிந்தால் அது ஏற்கெனவே பிரித்து விட்ட ஜாக்கெட். கொக்கிக்குக் கொக்கி நடுவில் துணி இழுத்து வாய் பிளந்திருந்தால் மார்பில் பத்தவில்லை. கைக்குழியில் துணி இழை விட்டிருந்தால் அங்கே இறுக்கம். இதையெல்லாம் காட்டி, "இந்த இடத்தில் பிடிக்குதா?" என்று கேளுங்கள். "ஆமா, கை தூக்கினா பிடிக்கும்" என்று அப்போதுதான் வாயைத் திறப்பார்கள். "கொஞ்சம் லூஸா" என்றால் எவ்வளவு? துணியை இரண்டு விரலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் பிடித்ததை டேப்பில் அளந்து, அரை இஞ்சோ முக்கால் இஞ்சோ, அந்த எண்ணையே நோட்டில் எழுதுங்கள். நோட்டில் "கொஞ்சம்" என்று எழுதி வைத்தால் மூன்று நாள் கழித்து உங்களுக்கே புரியாது.

அளவு ஜாக்கெட்டில் கொக்கியை மாட்டி, சுருக்கம் இல்லாமல் பரப்பி, அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே பக்கத்துக்குப் பக்கம் அளந்து இரட்டியுங்கள். இது போக ஒரே ஒரு அளவை மட்டும் உடம்பில் எடுத்தே ஆக வேண்டும்: கழுத்தோரத் தோளில் இருந்து மார்பின் உச்சி வரை. பழைய ஜாக்கெட்டில் டாட் எங்கே நிற்கிறதோ அங்கேயே புதிதிலும் வைத்தால் பழைய தப்பைத்தான் திரும்பத் தைப்பீர்கள். டாட்டின் முனை அந்த உச்சிக்கு அரை இஞ்ச் முன்னாலேயே முடிய வேண்டும். உச்சியைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த இடம் கூர்மையாகத் துருத்தும். பின்கழுத்தை ஆழமாகக் கேட்பவர்களுக்குக் கழுத்து அகலத்தையும் சேர்த்து விரிக்காதீர்கள். ஆழமும் அகலமும் ஒன்றாகக் கூடினால் தோள் நழுவும், நாடா கட்டினாலும் சரியாக நிற்காது.

லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். காட்டன் லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது. நனைக்காமல் தைத்த பிளவுஸ் கொடுக்கும் அன்று அழகாகத்தான் இருக்கும். முதல் சலவைக்குப் பிறகு மேல்துணி கொப்பளம் கொப்பளமாக உப்பி, அடிப்பட்டி மேலே ஏறும். உங்களிடம் வந்து சொல்லக்கூட மாட்டார்கள், அடுத்த பிளவுஸை வேறு கடையில் கொடுப்பார்கள். சைடில் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டுத் தைத்தால் இரண்டு வருஷம் கழித்தும் பிரித்துவிட உங்களிடமே வருவார்கள். பட்டில் மட்டும் முதல் தடவையே அளவு சரியாக அமைய வேண்டும். பட்டில் ஊசி போட்ட ஓட்டை மறையாது, பிரித்தால் வரிசையாகப் புள்ளி தெரியும். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஒரே ஊசியில் எல்லாம் அடிப்பது கைக்காசுக்கு நஷ்டம்.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், சேலையோடு சேர்ந்து வந்த பிளவுஸ் பிட்டை வெட்டச் சொல்லி ஒரு அம்மா சேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கமாக எந்தப் பக்கம் பிட் இருக்குமோ அந்தப் பக்கம் வெட்டினேன். அந்தச் சேலையில் பிட் முந்தானையைத் தாண்டி மறு கோடியில் இருந்தது. நான் வெட்டியது உடுத்தும் சேலையின் உள்பாகம். 2,800 ரூபாய் சேலை, மூன்று தவணையில் கொடுத்துத் தீர்த்தேன். அன்றில் இருந்து சேலையைக் கொடுப்பவர் முன்னாலேயே விரித்து, வெட்டும் இடத்தில் அவரையே ஒரு நூல் முடிச்சுப் போடச் சொல்கிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட யூனிஃபார்ம்.

முதலில் எந்தப் பள்ளி என்று பாருங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசே வருஷத்துக்கு 4 செட் கொடுக்கிறது. அதைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழ் இருக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அங்கே உறுப்பினரானால் துணி அவர்கள் தருவார்கள், தைத்துக் கொடுத்ததற்குக் கூலி கிடைக்கும். ஆர்வம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உங்கள் பகுதிச் சங்கம் எது, உறுப்பினர் சேர்க்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த இலவசச் சீருடையால் நமக்கு வேறொரு வேலையும் வருகிறது. பொது அளவில் தைத்து வருவதால் பல பிள்ளைகளுக்குத் தொளதொளவென்று இருக்கும். எங்கள் தெருவில் பள்ளி திறக்கும் சமயம் எனக்கு அதைப் பிடித்துக் கொடுப்பதே பத்து நாள் வேலை.

நீங்கள் சொல்லும் ஆர்டர் தனியார் நர்சரி, பிரைமரி மாதிரி இருக்க வேண்டும். நான் எடுத்த ஒரு ஆர்டரின் கணக்கை அப்படியே தருகிறேன். பிள்ளைகள் 30 பேர், ஆளுக்கு இரண்டு செட், மொத்தம் 60 செட். துணி பள்ளி வாங்கித் தந்தது, எனக்குக் கூலி மட்டும். 16 பையன்கள்: அரைக்கைச் சட்டையும் டவுசரும் செட் 260. 32 செட்டுக்கு 8,320. 14 பெண் பிள்ளைகள்: சட்டையும் பினாஃபோரும் செட் 300. 28 செட்டுக்கு 8,400. மொத்தம் 16,720 ரூபாய். வீட்டில் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம்.

செலவைப் பாருங்கள். நூல், பட்டன், கேன்வாஸ், ஜிப், எலாஸ்டிக் செட்டுக்கு 35, அது 2,100. என்னிடம் அப்போது ஓவர்லாக் மிஷின் இல்லை, வெளியே கொடுத்தேன், செட்டுக்கு 20, அது 1,200. சட்டைக்கு ஆறு காஜா, காஜாவுக்கு ஒன்றரை ரூபாய், 60 சட்டைக்கு 540. பட்டன் கட்டவும் ஹெம்மிங்குக்கும் ஆள் கூலி 1,200. மொத்தச் செலவு 5,040. மிச்சம் 11,680. அளவெடுப்பு, மாதிரி, வெட்டு, தையல், திருத்தம் எல்லாம் சேர்த்து 130 மணி நேரம் ஆனது. மணிக்குக் கிட்டத்தட்ட 90 ரூபாய். பிளவுஸைவிடக் குறைவு.

அப்படியானால் எதற்கு எடுக்கிறோம்? ஒரே சமயத்தில் மொத்தமாகப் பணம் வருகிறது, 30 வீட்டுக்கு நம் பேர் போகிறது. ஆனால் 130 மணி நேரம் என்பது தினம் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 22 நாள். அதுவும் மே மாதத்தில். வைகாசி முகூர்த்தத்துக்குப் பிளவுஸ் வந்து குவியும் அதே மாதம். புதிதாகத் தைப்பவருக்கு இதே ஆர்டர் ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். ஒரு மிஷினில் ஒரு மாதத்துக்கு 60 செட்தான் என் கணக்கு. "200 பேர் இருக்காங்க, எடுத்துக்கறீங்களா?" என்றால் இரண்டு வகுப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

எடுப்பதாக இருந்தால் ஏப்ரலில் பரீட்சை முடிவதற்குள் அளவெடுத்துவிடுங்கள். லீவு விட்டால் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போய்விடும், ஜூனில்தான் பிடிக்க முடியும். 30 பிள்ளைக்கும் 30 அளவில் தைக்க வேண்டாம். மார்புச் சுற்றும் உயரமும் எடுத்து, 22, 24, 26, 28 என்று நாலு சைஸில் பிரியுங்கள். குண்டாக, ரொம்ப உயரமாக இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் தனி அளவு. நாலு சைஸிலும் ஒவ்வொரு மாதிரி தைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மொத்தத் துணியில் கத்திரி வைக்க வேண்டும். கை தூக்கச் சொல்லுங்கள், தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். டவுசர் பின்னால் இழுத்தால் அங்கே தெரிந்துவிடும். டவுசர் அடியில் இரண்டு இஞ்ச், பினாஃபோர் அடியில் மூன்று இஞ்ச் மடித்து விடுங்கள். வருஷ நடுவில் பிரித்துவிட அம்மாக்கள் வருவார்கள்.

வெட்டும்போது ஆசைப்பட்டுப் பத்து மடிப்பு போடாதீர்கள். யூனிஃபார்ம் டெரிகாட்டன் வழுக்கும். கைக் கத்திரிக்கு நாலு மடிப்புதான் நிற்கும். வெட்டிய பிறகு மேல் துண்டையும் அடித் துண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கால் இஞ்ச் வித்தியாசம் தெரிந்தால் மடிப்பைக் குறைக்க வேண்டும். தைக்கும்போது ஒரு சட்டையை முழுதாக முடித்து அடுத்ததை எடுக்காதீர்கள். 60 காலரையும் ஒரே மூச்சில், அப்புறம் எல்லாப் பாக்கெட்டும், அப்புறம் தோள் என்று போனால் கை வேகம் பிடிக்கும். நூலும் அடிக்கடி மாற்ற வேண்டாம்.

துணியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கடை, ஒரே நம்பர் என்றாலும் ஒரு தானுக்கும் இன்னொரு தானுக்கும் சாயம் லேசாக மாறும். ஒரு வருஷம் துணி பத்தாமல் போய் இரண்டாம் முறை வாங்கினோம். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது. பிரேயரில் வெயிலில் நிற்கும்போது ஆறு பிள்ளைகளின் சட்டை மட்டும் வெளிறி நின்றது. ஜூனில் புது அட்மிஷன் நாலைந்து பேர் வந்தே தீருவார்கள். அதனால் ஐந்து செட்டுக்கான துணியை அதே தானில் சேர்த்து வாங்கச் சொல்லி, எடுத்து வைத்துவிடுங்கள். முதல் வருஷம் உங்கள் பணத்தில் துணி வாங்கிக் கொடுக்கும் பேச்சே வேண்டாம். ஈரோட்டுக்குப் போய் மொத்தமாக வாங்கினால் மீட்டருக்கு இவ்வளவு நிற்கும் என்று ஆசை காட்டுவார்கள். நிற்கும், ஆனால் பணம் பள்ளியில் முடங்கும். ஒரு பள்ளியில் எனக்கு மே மாதம் தைத்துக் கொடுத்த கூலி காலாண்டுப் பரீட்சை முடிந்துதான் வந்தது. கூலி மட்டும் என்பதால் தாங்கினேன், துணியும் என் காசாக இருந்திருந்தால் மிஷினை விற்றிருப்பேன். அதற்குப் பிறகு வெட்டுவதற்கு முன் பாதி, கொடுக்கும் அன்று மீதி என்று தலைமை ஆசிரியரிடம் எழுதி வாங்கித்தான் தொடங்குகிறேன். பள்ளி ஒத்துக்கொள்ளவில்லையா, பெற்றோரே நேரில் வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். அது இன்னும் நல்லது.

மாதம் எவ்வளவு வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் இருக்கும். தினம் ஐந்து ஆல்டரேஷன் வந்து, மாதம் 20 லைனிங் பிளவுஸ் தைத்தால் செலவு போக 6,000மும் 4,000மும் சேர்ந்து 10,000 வரும். இது தினம் மூன்றரை மணி நேர வேலை. அந்த நிலைக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது. முதல் மூன்று மாதம் அதில் பாதிகூட வரவில்லை. ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் பிளவுஸ் பாதியாகக் குறையும். நான் அந்த மாதத்தில்தான் மிஷினைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு, மோட்டார் பெல்ட் மாற்றி, தீபாவளிக்குத் தயாராக வைக்கிறேன்.

ஓவர்லாக் மிஷின் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வெளியே ஓவர்லாக்குக்குக் கொடுக்கும் காசை ஆறு மாதம் நோட்டில் தனியாக எழுதுங்கள். அது மாதம் 600ஐத் தாண்டினால் செகண்ட் ஹேண்டில் ஒன்று பாருங்கள், அதுவரை வெளியே கொடுப்பதே மலிவு.